டோக்கன் என்பது சொல் அன்று

மொழிபெயர்த்து வரும் தொழில்நுட்பக் கட்டுரைகளைச் செப்பனிடுவது என் பிழைப்பு. சென்ற மாதம் மட்டும் மூன்று கட்டுரைகளில் ஒரே வாக்கியத்தைக் கிட்டத்தட்ட ஒரே வடிவில் பார்த்தேன்: “சாட்பாட் நாம் எழுதுவதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கிறது, அதனால்தான் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தடுமாறுகிறது.” இதில் வரும் ‘அதனால்தான்’ எங்கிருந்து குதித்தது என்று எந்த வாசகரும் கேட்பார். நாமும் சொல் சொல்லாகத்தானே படிக்கிறோம், நமக்கு எண்ண வரவில்லையா? மூலத்தில் இருந்த ‘டோக்கன்’ தமிழில் ‘சொல்’ ஆனதுமே விளக்கத்தின் முதுகெலும்பு முறிந்துவிட்டது.

டோக்கன் என்பது அடையாளம், அறிகுறி என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மானிய மொழியின் ‘சைஷன்’ அதற்கு உறவு. 1906இல் மெய்யியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ், ஒரு சொல்லின் பொது வடிவம் வேறு, அது தாளில் ஒவ்வொரு முறை வருகிற வருகை வேறு என்று பிரித்து, பின்னதற்கு இப்பெயரிட்டார். பிறகு நிரல்மொழிக்காரர்கள் நிரலை வெட்டிப் பெறும் கூறுகளுக்கு இதை எடுத்துக்கொண்டனர். சென்னையில் ரேஷன் கடை, மருத்துவமனை, மெட்ரோ என்று எல்லாரும் அறிந்த டோக்கன் இதே சொல்தான்.

சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிகளில் அதன் பொருள் மிகக் குறிப்பானது. 1994இல் பிலிப் கேஜ் தரவைச் சுருக்குவதற்காக ஒரு முறையை வெளியிட்டார். அதையே பின்னர் மொழிக்குத் திருப்பினார்கள். பெருந்திரளான உரையை முதலில் பைட்டுகளாக உதிர்த்துவிடுவார்கள். அடுத்தடுத்து மிகுதியாக வரும் இரண்டை ஒட்டி ஒன்றாக்குவார்கள். பிறகு, ஒட்டியவற்றையும் சேர்த்து, மறுபடி மிகுதியாக வரும் இணையை ஒட்டுவார்கள். 2019இல் வந்த ஜிபிடி-2 என்னும் மாதிரியில் 256 பைட்டுகளும், 50,000 ஒட்டல்களும், உரை முடிவைக் குறிக்கும் ஒன்றுமாக மொத்தம் 50,257 துண்டுகள் இருந்தன. இந்தத் துண்டுதான் டோக்கன். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. மாதிரியிடம் போய்ச் சேர்வது அந்த எண் மட்டுமே.

`strawberry`யில் இரண்டே `r` என்று சாட்பாட் சொன்னதை எல்லாரும் கேலி செய்தார்களே, அந்த எடுத்துக்காட்டையே பார்ப்போம். ஜிபிடி-4 பயன்படுத்திய cl100k_base என்னும் வெட்டும் முறை, `strawberry` என்பதை இப்படி வெட்டும்:

```
str | aw | berry
496 | 675 | 15717
```

இதில் எத்தனை `r` என்று கேட்டால், கேள்வி மாதிரியை அடையும்போது அங்கே `r` என்று எதுவுமே இல்லை, மூன்று எண்கள்தான் இருக்கின்றன. 496க்குள் ஒன்றும் 15717க்குள் இரண்டும் இருப்பதை, பயிற்சியில் எங்கோ கண்ட எழுத்துக்கூட்டலிலிருந்து அது நினைவுகூர வேண்டும். நினைவு பிசகினால் இரண்டு என்று சொல்லிவிடும். அதே சொல் வாக்கியத்தின் நடுவே, முன்னால் இடைவெளியோடு வந்தால், முழுவதும் ஒரே துண்டு ஆகிவிடுகிறது. ஆகவே ‘சொல்’ என்பவர்கள் எப்போதாவது சரிதான். ஆனால் எப்போது சரி என்பது அவர்களுக்கே தெரியாது.

தமிழில் நிலைமை இன்னும் சுவையானது. ‘மயிலாப்பூர்’ என்பதில் ம, யி, லா, ப், பூ, ர் என ஆறு எழுத்துகள் என்று பள்ளிப்பிள்ளை சொல்லும். யூனிகோடோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியாக வைப்பதால் அதைப் பதினொன்றாகக் காண்கிறது. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு.

```
>>> len("மயிலாப்பூர்")
11
>>> len("மயிலாப்பூர்".encode("utf-8"))
33
```

ஒட்டல் தொடங்குவது அந்த 33இலிருந்து. பயிற்சி உரையில் தமிழ் குறைவாக இருந்தால் ஒட்டல்களும் குறையும். துண்டு ஓர் எழுத்தின் பாதியிலேயே முடிந்துவிடவும் கூடும். தொல்காப்பியர் வகுத்த எழுத்து இதில் எந்த நிலையிலும் தலைகாட்டுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த ஒரு நண்பர் ‘அசை’ என்று மொழிபெயர்க்கலாம் என்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, மரபும் இருக்கிறது. ஆனால் இதை நான் ‘சொல்’லைவிடவும் ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் பாதி சரியான சொல்தான் நெடுநாள் நிலைத்து நின்று கெடுக்கும். மயி–லாப்–பூர் என்று அசை பிரித்தால் நிரை நேர் நேர், புளிமாங்காய். அந்தப் பிரிப்புக்கு ஒலி காரணம்: குறில், நெடில், ஒற்று. யார் பிரித்தாலும் ஒரே விடை வரும். டோக்கனுக்கு ஒலி என்பதே கிடையாது. எது அடிக்கடி சேர்ந்து வந்தது என்ற கணக்கு மட்டுமே உண்டு, அதுவும் மாதிரிக்கு மாதிரி மாறும். ‘அசை’ என்று படித்த வாசகர், இயந்திரம் யாப்பறிந்து பிரிப்பதாக நினைத்துக்கொள்வார். தூய தமிழ் என்பதற்காகப் பொய்ப் பொருளை ஏற்ற முடியாது. கலைச்சொல் பட்டியல்களில் உள்ள ‘வில்லை’யும் உதவாது, மெட்ரோவில் முதலில் தந்த வட்ட டோக்கனுக்கு அது பொருந்தும், உரைக்குப் பொருந்தாது. ‘அடையாளம்’ என்பது இன்னும் மோசம்: “ஒரு மறுமொழிக்கு 4,000 அடையாளங்கள் வரை” என்று படித்தால் ஆதார் அட்டைதான் நினைவுக்கு வரும்.

நான் எழுதுவது ‘உரைத்துண்டு’; மறுமுறை வரும்போது வெறும் ‘துண்டு’. தோளில் போடுவதல்லவா துண்டு என்று சிரித்தார்கள். அதுவும் நெசவிலிருந்து வெட்டி எடுத்ததுதானே. வெட்டப்பட்டது, வெட்டு எங்கும் விழலாம் என்ற இரண்டு செய்திகளும் அதில் இருக்கின்றன. பேச்சில் டோக்கன் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், குற்றமில்லை.

கணக்குக்கும் இச்சொல் பொருந்துகிறது. மேற்சொன்ன cl100k_base முறை, இலக்கங்களை இடமிருந்து மும்மூன்றாக வெட்டும். 1234567 என்பது 123, 456, 7 ஆகிறது. 89012 என்பது 890, 12 ஆகிறது. இரண்டையும் கூட்டச் சொன்னால், 7க்கு நேரே வரவேண்டிய 2 ஒருபுறம் 12 என்னும் துண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாம் வலமிருந்து கூட்டி, மிச்சத்தை இடப்பக்கம் ஏற்றுகிறோம். மாதிரியோ விடையின் முதல் துண்டான 132ஐ, மிச்சம் ஏறி வருமா என்று பார்ப்பதற்கு முன்பே எழுதியாக வேண்டும். நம் வழக்கப்படி 12,34,567 என்றும் 89,012 என்றும் காற்புள்ளியோடு கொடுத்தால் 567க்கு நேர் 012, 34க்கு நேர் 89 என்று துண்டுகள் வரிசையில் நிற்கும். 13,23,579 என்ற விடை பிசகாமல் வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஒவ்வோர் இலக்கத்தையும் தனியாகவே வெட்டும் மாதிரிகளும் உண்டு.

பிழை துண்டால் வந்ததா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. `s t r a w b e r r y` என்று இடைவெளி விட்டுக் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தும் தனித் துண்டாகிவிடும். இப்போது சரியாக எண்ணினால் குற்றம் வெட்டியதில்தான் இருந்தது. பெரிய எண்களைப் பெருக்கும்போது இந்த வைத்தியம் பெரிதாக எடுபடுவதில்லை. அங்கே இடைப்படிகள் பல. அவற்றை எழுதிப் பார்க்காமல் ஒரே மூச்சில் விடை சொல்லப் போவதால் தவறு வருகிறது, இலக்கங்களைத் தனித்தனியாக வெட்டும் மாதிரியும் அதில் சறுக்கும். நான் திருத்திய மூன்றாவது கட்டுரை அந்தப் பிழையையும் ‘சொல்’லின் தலையில் கட்டியிருந்தது, அந்தப் பத்தியை முழுதாக அடித்துவிட்டேன்.