ஏற்காட்டில் எடுத்த ஒரு நீலக் குருவிப் படம்

ஜூன் மாதத்தில் ஒருநாள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஏற்காட்டில் அவர் வேலை பார்க்கும் காபித் தோட்டத்தில் எடுத்தது. சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு சின்னக் குருவி. முதுகு கருநீலம், மார்பு ஆரஞ்சு, வயிறு வெள்ளை. வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் தொண்டைப் பகுதி முழுக்க நிழல். "என்ன குருவி கண்ணு இது?" என்று கேட்டிருந்தார்.

நீல ஈப்பிடிப்பான் வகையில் ஒன்று என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் நீல முதுகும் ஆரஞ்சு மார்பும் கொண்ட ஈப்பிடிப்பான்கள் இந்தியாவில் பல உண்டு. இந்த மாதிரி நேரத்தில் நான் இறகைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்ப்பேன். செவ்வயிற்று நில்தாவா இமயமலையிலும் அதற்குக் கிழக்கேயும் வாழ்வது. சேலத்துக்குப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. மலை நீல ஈப்பிடிப்பானும் வடகிழக்கு எல்லையையும் அதற்குக் கிழக்கே உள்ள காடுகளையும் சேர்ந்தது. இடத்தை வைத்தே இரண்டையும் ஓரமாக வைத்துவிடலாம்.

மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். நம் மலைகளில் ஆண்டு முழுக்க இருக்கும், இங்கேயே கூடு கட்டும். இன்னொன்று நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். இது இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வரும். அக்டோபரையொட்டி வந்து ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். இரண்டின் ஆண் பறவைகளையும் பிரித்துக் காட்டுவது தொண்டைதான். டிக்கெலுக்குத் தொண்டையிலிருந்தே ஆரஞ்சு தொடங்கும். மற்றதற்குத் தொண்டை நீலம், அதற்குக் கீழேதான் ஆரஞ்சு. படத்தில் நிழல் விழுந்திருந்ததோ சரியாக அந்த இடத்தில்தான்.

சரி, தொண்டை தெரியாவிட்டால் என்ன, மாதம் தெரியுமே என்று நினைத்தேன். ஜூனில் நீலத்தொண்டை ஈப்பிடிப்பான் இமயமலையில் கூட்டில் இருக்கும். ஆகவே இது டிக்கெல். பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறுத்தியது. கிளைக்குப் பின்னால் இருந்த காபிச் செடியில் பழங்கள் சிவப்பாக இருந்தன. ஏற்காட்டில் காபிப் பழம் பழுப்பது மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் சமயத்தில். ஜூனில் பச்சைக் காய்தான் இருக்கும். கோப்பின் பெயரைப் பார்த்தேன்: `IMG-20240611-WA0007.jpg`. அதில் உள்ள தேதி வாட்ஸ்அப் வழியாகப் படம் வந்த தேதி, கேமரா பதிந்த தேதி இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அது போன டிசம்பர்ல எடுத்தது கண்ணு. பழைய படத்தையெல்லாம் பார்த்துட்டிருந்தேன், அனுப்பினேன்."

அவ்வளவுதான், என் முடிவு நின்ற கால் போய்விட்டது. டிசம்பர் என்றால் ஏற்காட்டில் இரண்டு குருவியும் இருக்கலாம். பறவை மாறவில்லை, படம் மாறவில்லை. தேதி மாறியதும் ஒரு பெயர் பட்டியலுக்குள் திரும்பி வந்துவிட்டது. காலத்தை வைத்துக் கழிக்கும் முறை ஜூனில் பெரிய உதவி, டிசம்பரில் ஒன்றுமே இல்லை. ஏப்ரலும் செப்டம்பரும் இன்னும் சிக்கல்: தாமதமாகக் கிளம்பியது, சீக்கிரம் வந்தது என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும். அந்த இரண்டு மாதங்களில் நான் எதையும் கழிப்பதில்லை.

இடத்திலும் இதே கவனம் வேண்டும். "சேலம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி மாதிரி தெரியும், ஆனால் ஏறிப் போகும்போதே குருவிகள் மாறும். அப்புறம், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பட்டியல் போடும் ஈபேர்டு மாதிரி தளங்களில் ஒரு பறவைக்கு ஒரு மாதத்தில் பதிவே இல்லை என்றால், அந்த மாதத்தில் அங்கே எத்தனை பேர் பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்றும் பார்ப்பேன். நூறு பட்டியலில் இல்லாதது ஒரு சேதி. மூன்று பட்டியலில் இல்லாதது யாரும் சரியாகத் தேடவில்லை என்பதாகவும் இருக்கலாம். வழி தவறி வரும் பறவையும் உண்டு, கூண்டிலிருந்து தப்பியதும் உண்டு. அதனால் இடமும் காலமும் கழித்த பெயரை நான் அழிப்பதில்லை, அடியில் தள்ளி வைப்பேன். தெளிவான படம் வந்தால் அது மேலே ஏறலாம்.

சித்தப்பாவிடம் அன்று எடுத்த மற்ற படங்களையும், டாக்குமென்டாக இணைத்து அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் கேமரா பதிந்த தேதி கழலாது. ஐந்து வந்தன, எல்லாவற்றிலும் டிசம்பர். நான்காவதில் குருவி தலையைத் திருப்பியிருந்தது, பக்கவாட்டில் வெயில். அலகுக்குக் கீழே தொண்டையெல்லாம் ஆரஞ்சு. மார்பு முடியும் இடத்தில் கோடு போட்டது போல வெள்ளை தொடங்குகிறது. டிக்கெல்தான்.