இரண்டு வாட்மீட்டர், ஒரு கழித்தல் குறி

மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை லோடு இல்லாமல் ஓடவிட்டு, அது இழுக்கும் திறனை இரண்டு வாட்மீட்டர்களால் அளந்து பாருங்கள். ஒரு மீட்டரின் முள் ஒழுங்காக வலப்பக்கம் போகும். மற்றதன் முள் பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்து தடுப்பில் முட்டி நிற்கும். இணைப்பு சரியாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

முதலில், மூன்று கம்பிக்கு இரண்டு மீட்டர் எப்படிப் போதும்? ஆர், ஒய், பி என்னும் மூன்று கம்பிகளிலும் ஆளுக்கொரு வாட்மீட்டர் வைத்து, அவற்றின் மின்னழுத்தச் சுருள்களின் மறுமுனைகளை ஏதோ ஒரு பொதுப் புள்ளியில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியின் மின்னழுத்தம் எதுவானாலும் மூன்று அளவீடுகளின் கூட்டுத்தொகை மாறாது. கம்பிகள் மூன்றே என்பதால் எந்தக் கணத்திலும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். பொதுப் புள்ளியின் மின்னழுத்தம் அந்தப் பூஜ்யத்தோடுதான் பெருக்கப்படுகிறது. அப்படியானால் அந்தப் புள்ளியை பி கம்பியிலேயே வைத்துவிடலாம். பி கம்பியின் மீட்டர் தன் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தத்தைப் பார்த்துப் பூஜ்யம் காட்டும், அதைக் கழற்றிவிடலாம். இதைப் பொது விதியாக 1893இல் வகுத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே பிளாந்தெல்.

லோடு ஸ்டாரா டெல்டாவா, சமநிலையில் உள்ளதா என்பதெல்லாம் இந்த வாதத்தில் வரவே இல்லை. ஒன்றுதான் நிபந்தனை: நான்காவதாக நியூட்ரல் கம்பியில் மின்னோட்டம் போனால் இந்த முறை செல்லாது. அங்கே மூன்று மீட்டர் வேண்டும்.

ஆர் கம்பியில் ஒரு மீட்டரின் மின்னோட்டச் சுருள், ஒய் கம்பியில் மற்றதன் சுருள், இரண்டு மின்னழுத்தச் சுருள்களின் மறுமுனையும் பி கம்பியில். சமநிலை லோடில், மின்னோட்டம் φ கோணம் பின்தங்கினால், ஆர்-ஒய்-பி வரிசையில் அளவீடுகள் இப்படி வரும்:

```
W_R = V I cos(30° − φ)
W_Y = V I cos(30° + φ)
```

இதில் V இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தம், I ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம். φ 60 பாகையைத் தாண்டினால், அதாவது திறன் காரணி 0.5க்குக் கீழே போனால், இரண்டாவது அளவீடு எதிர்மறை ஆகிவிடும். லோடில்லாத மோட்டார் பெரும்பாலும் காந்தப்புலத்துக்கான மின்னோட்டத்தையே இழுப்பதால் அங்கேதான் இருக்கும்.

400 வோல்ட், 3 ஆம்பியர், φ 80 பாகை என்று கொள்வோம். ஆர் மீட்டர் 771 வாட், ஒய் மீட்டர் −410 வாட், மொத்தம் 361 வாட். குறியை மறந்து கூட்டினால் 1181 வாட் வரும். √3 × 400 × 3, அதாவது 2078 வோல்ட் ஆம்பியரோடு ஒப்பிட்டால் திறன் காரணி 0.57. லோடில்லாத மோட்டாருக்கு இது பொருந்தாது. பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

இடப்பக்கம் போன முள்ளைப் படிக்க, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்த மீட்டரின் மின்னோட்டச் சுருளின் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டுங்கள். வரும் எண்ணைக் கழியுங்கள். மின்னழுத்தச் சுருளின் முனைகளை மாற்றுவதும் முள்ளைத் திருப்பும், ஆனால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தொடர் மின்தடை மறுபக்கம் போய்விடுவதால், அருகருகே இருக்கும் இரண்டு சுருள்களுக்கும் இடையே ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் வந்து நிற்கும். காப்புக்கும் கெடுதல், அளவீட்டிலும் பிழை.

யாரோ கட்டிவைத்த இணைப்பில் இரண்டு முள்ளும் வலப்பக்கமே நின்றால் எது உண்மை? சமநிலை லோடில் சோதிக்க எளிய வழி உண்டு. குறைவாகக் காட்டும் மீட்டரின் மின்னழுத்த முனையைப் பொதுக் கம்பியிலிருந்து எடுத்து, மற்ற மீட்டர் இருக்கும் கம்பியில் இணையுங்கள். இப்போது கோணம் 30° − φ ஆகிவிடுவதால், நேராகப் பூட்டிய மீட்டர் வலப்பக்கமே காட்டியாக வேண்டும். முள் இடப்பக்கம் திரும்பினால், மீட்டர் தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. முன்பு படித்த எண் கழிக்க வேண்டியது.

இன்னொரு சிக்கல் மீட்டரின் வீச்சில் இருக்கிறது. 600 வோல்ட், 10 ஆம்பியர் கொண்ட சாதாரண வாட்மீட்டரின் முழு அளவு 6000 வாட். முழு அளவில் 1 சதவீதப் பிழை என்றால் ஒவ்வொன்றிலும் 60 வாட். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 361 வாட்டில் 120 வாட் பிழை. எனவே 0.2 திறன் காரணிக்கான மீட்டர் தேவை. 3 ஆம்பியர்தானே என்று அதை 5 ஆம்பியர் வீச்சில் வைத்தால் முழு அளவு 600 × 5 × 0.2, அதாவது 600 வாட்தான். 771 வாட் வரும் மீட்டரில் முள் வெளியே போய்விடும். 10 ஆம்பியர் வீச்சில் 1200 வாட், இரண்டும் அடங்கும். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் பல மடங்கு எகிறும். வேகம் நிலைக்கும்வரை இரு மின்னோட்டச் சுருள்களையும் சுவிட்ச் போட்டுக் குறுக்கிணைத்து வைத்திருங்கள்.