காலி செய்த வாலட் மறுநாள் நிரம்பியது எப்படி?

பயன்படுத்தாத பணச் செயலி ஒன்றை ஒழித்துக்கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் அதை போனிலிருந்து நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. செயலி வெறும் திரைதான். கணக்கு இருப்பது நிறுவனத்தின் சர்வரில். அங்கே உங்கள் பெயரில் ஒரு பேரேடு ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் வங்கியிடம் பணம் கேட்கும் அனுமதியும் அப்படியே இருக்கிறது.

வாலட் என்று சொல்லப்படும் இந்தப் பணச் செயலிகளில் இரண்டு வகை உண்டு. ஒருவகை உங்கள் கார்டை மட்டும் சுமந்து திரிகிறது. அதற்குள் பணம் கிடையாது. இன்னொரு வகையில் நீங்கள் போட்டுவைத்த பணம் மீதியாக இருக்கிறது. சிக்கல் அதிகம் இரண்டாவது வகையில்தான், ஆகவே அதையே பார்ப்போம்.

திரையில் தெரியும் மீதி, நிறுவனம் உங்களுக்குத் தரவேண்டிய தொகையைக் காட்டும் ஒரு பதிவு. அசல் பணம் மற்ற வாடிக்கையாளர்களின் பணத்தோடு சேர்ந்து ஏதோ ஒரு வங்கியில் பொதுக் கணக்கில் கிடக்கும். அந்த ஒற்றை எண்ணுக்குள் வெவ்வேறு குணமுள்ள தொகைகள் கலந்திருக்கலாம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வாலட்டில் 412.60 காட்டுகிறது. அதில் 50 நிறுவனம் சலுகையாகக் கொடுத்தது. அதை வைத்துப் பொருள் வாங்கலாம், வங்கிக்கு மாற்ற முடியாது. 62.60 ஒரு வாடகை சைக்கிளுக்காக நிறுத்திவைக்கப்பட்ட தொகை. எடுக்கக்கூடியது மீதமுள்ள 300 மட்டும்.

அவர் 300-ஐ வங்கிக்கு அனுப்புகிறார். மறுநாள் காலையில் பார்த்தால் வாலட்டில் 312.60 இருக்கிறது! வங்கிக் கணக்கிலோ 300 வந்திருப்பதோடு 200 வெளியேயும் போயிருக்கிறது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. எப்போதோ ஒருநாள், 'எடுக்கக்கூடிய மீதி 100-க்குக் கீழே போனால் வங்கியிலிருந்து 200 எடுத்து நிரப்பு' என்ற வசதிக்கு அவர் சம்மதம் கொடுத்திருந்தார். மீதி குறைந்தது செலவினாலா, கணக்கை மூடும் எண்ணத்தினாலா என்று அந்த விதிக்குத் தெரியாது. எண் இறங்கியது, விதி இயங்கியது. அதனால் பணத்தைத் தொடுவதற்கு முன்பே தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

பலர் செய்வதுபோல முதலில் வங்கி இணைப்பைத் துண்டித்திருந்தால் இது நடந்திருக்காதே என்று கேட்கலாம். நடந்திருக்காதுதான். ஆனால் பணம் வெளியேற இருந்த வழியும் அதோடு அடைபட்டிருக்கும். மறுபடி இணைக்கப் போனால் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும்: வாலட்டில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும், சில இடங்களில் சிறு தொகையை அனுப்பி அது எவ்வளவு என்று கேட்டுச் சோதிப்பார்கள். பழைய கணக்கில் பெயரை முதலெழுத்து இல்லாமல் கொடுத்திருந்தால் அதுவே ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஆகவே பணம் வங்கியில் வந்து சேரும்வரை இணைப்பு இருக்கட்டும். 'அனுப்பப்பட்டது' என்று வாலட் சொல்வதை நம்பிவிடாமல், வங்கி அறிக்கையில் வரவு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே சில வேலைநாட்கள் போகலாம். ஏதோ காரணத்தால் வங்கி அதை ஏற்கவில்லை என்றால் தொகை வாலட்டுக்கே திரும்பிவரும். அதற்குள் வாலட்டை மூடியிருந்தால், திரும்பி வந்த பணம் நிறுவனத்தின் உள்கணக்கு ஒன்றில் போய் நிற்கும். வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டித்தான் அதை மீட்க வேண்டும்.

அடுத்தது அந்த 62.60. வாடகை சைக்கிள், விடுதி, கார் போன்றவற்றில் கடைசித் தொகை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் கடைக்காரர் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கச் சொல்கிறார். இது செலவு ஆகாது, வெறும் பூட்டு. சவாரி முடிந்ததும் 20.15 மட்டும் உண்மையான செலவாக எடுக்கப்பட்டு, 42.45 விடுவிக்கப்படும். கடைக்காரர் கணக்கை முடிக்க மறந்துவிட்டால் பூட்டு தானாகக் காலாவதி ஆகும்வரை காத்திருக்க வேண்டும். சில நாட்களிலேயே முடிவதும் உண்டு, வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு. திரையில் `Pending` என்று ஒரு வரி இருக்கும்வரை பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கை மூடவே விடாது. எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதுதான்.

திரையில் தெரியாமல் வழியில் இருக்கும் பணம் இதைவிடத் தொல்லையானது. நம் உதாரணக்காரர் போன வாரம் ஒரு ஜோடி செருப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், 85 வரவேண்டும். திருப்பித் தரும் பணம் பொதுவாக வந்த வழியிலேயேதான் போகும். அசல் பரிவர்த்தனையின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அது அதே வாலட்டைத் தேடிவரும். நீங்கள் இப்போது வேறு வாலட் வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கடைக்காரர் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன நாளுக்கும் அது வாலட்டின் பேரேட்டில் ஏறும் நாளுக்கும் நடுவே வாலட்டில் எந்த அடையாளமும் தெரியாமலே இருக்கலாம். அதனால் திருப்பி அனுப்பிய பொருட்களை நீங்கள்தான் நினைவில் வைத்திருந்து, பணம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் சந்தாக்கள். மாதச் சந்தாவைக் கண்டுபிடிப்பது சுலபம், போன மாத அறிக்கையிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சந்தாதான் ஒளிந்துகொள்ளும். அதனால் அறிக்கையைக் குறைந்தது 13 மாதத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். 12 மாதம் போதாது. போன வருடம் ஒரு சந்தா இரண்டு மூன்று நாள் முன்னதாக எடுக்கப்பட்டிருந்தால் அது விளிம்புக்கு வெளியே விழுந்துவிடும். அறிக்கையை அப்போதே கோப்பாக இறக்கிவைத்துக்கொள்வதும் நல்லது. கணக்கு மூடியபின் உங்களால் உள்ளே நுழைய முடியாது.

எல்லாம் அடங்கி, எடுக்கக்கூடிய மீதி பூஜ்யம் ஆனபின்தான் இணைப்பைத் துண்டிக்கும் கட்டம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: இணைப்புக்கு இரண்டு முனை. வாலட்டுக்குள் 'வங்கியை நீக்கு' என்று அழுத்தினால் வாலட் தன் பக்கத்துப் பதிவை அழிக்கிறது. பொறுப்பான நிறுவனம் வங்கிக்கும் செய்தி அனுப்பி அனுமதியை ரத்து செய்யும். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வங்கிப் பக்கம் என்ன இருக்கிறது என்பது எப்படி இணைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்டை இணைத்திருந்தால், பல வாலட்டுகள் உங்கள் கார்டு எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணை வைத்திருக்கும். கார்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான இஎம்விகோ 2014-இல் இதற்கான பொதுக் கட்டமைப்பை வெளியிட்டது. ஒரே கார்டுக்கு இந்த வாலட்டில் ஒரு டோக்கன், அந்தக் கடையில் ஒரு டோக்கன், கைக்கடிகாரத்தில் ஒன்று என்று பல இருக்கலாம். ஒன்றை நீக்கினால் மற்றவை அப்படியே இருக்கும். பழைய கார்டு காலாவதியாகிப் புதியது வந்ததும் எல்லாம் தானாக அறுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். டோக்கனைப் புதிய கார்டோடு பின்னணியில் சேர்த்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. வாடிக்கையாளர் சிரமப்படக் கூடாது என்று செய்தது, இந்த இடத்தில் நமக்கு எதிராக வேலை செய்கிறது.

வங்கிக் கணக்கையே இணைத்திருந்தால், தானாகப் பணம் எடுக்கும் ஆணை ஒன்றோ, கணக்கு விவரத்தைப் படிக்கும் அனுமதி ஒன்றோ, இரண்டுமோ இருக்கும். இவற்றை வங்கியின் சொந்தச் செயலியில் அல்லது இணையதளத்தில் பார்க்கலாம். 'இணைக்கப்பட்ட செயலிகள்', 'தானியங்கிப் பற்று' போன்ற தலைப்புகளின் கீழ் பட்டியல் இருக்கும். வாலட்டின் பெயர் அங்கே இன்னும் தெரிந்தால் அங்கேயே ரத்து செய்யுங்கள். பட்டியலே கண்ணில் படவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம்.

சரி, இப்போது கணக்கை மூடலாம். `Deactivate`, `Close account` என்று இரண்டு பொத்தான்கள் இருந்தால் முதலாவதைத் தவிர்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் கணக்கைத் தூங்கவைக்கிறது, அவ்வளவுதான். அடுத்தமுறை உள்ளே நுழைந்தால் எழுந்துகொள்ளும். அந்த 50 சலுகைத் தொகை மூடும்போது போய்விடும். அதற்கு முன்பு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவும் ஒரு புதுப் பரிவர்த்தனை, அதுவும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கென்றால் அந்த 50-ஐ விட்டுவிடுவதே மேல் என்று தோன்றும்.

மூடிய பிறகும் எல்லாம் அழிந்துவிடாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பின் பரிந்துரைப்படி, வாடிக்கையாளரின் அடையாளத்தையும் பரிவர்த்தனைகளையும் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும். பல நாடுகளின் சட்டம் இதைப் பின்பற்றுகிறது, சில நாடுகளில் கூடுதலாகவும் உண்டு. அதனால் 'என் தகவல் எல்லாவற்றையும் அழியுங்கள்' என்று எழுதினால் இந்தப் பகுதியை மறுப்பார்கள். விளம்பரத்துக்கு வைத்திருக்கும் விவரம், சேமித்த தொடர்பு எண்கள் போன்றவற்றை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மூடாமல் விட்டுவைப்பதில் இருக்கும் நிஜமான ஆபத்து போன் எண்ணில் இருக்கிறது. நீங்கள் விட்டுவிட்ட எண்ணை மொபைல் சேவை நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல், அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் புது வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த 259 எண்களைச் சோதித்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபல இணையதளங்களில் பழைய கணக்குகளோடு இன்னும் ஒட்டியிருந்தன. ஓடிபி வரும் எண்ணே அடையாளம் என்று நினைக்கும் வாலட்டில் இது கதவைத் திறந்துவைத்தது போலத்தான். ஆகவே எண்ணை மாற்றும் எண்ணம் இருந்தால், வாலட்டை முதலில் மூடிவிட்டு சிம்மை அதன்பிறகு விடுங்கள்.

கணக்கு உண்மையிலேயே மூடியதா என்று சோதிக்க, உறுதி மின்னஞ்சல் வந்த சில நாள் கழித்து 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று கேட்டுப் பாருங்கள். திரையில் என்ன சொன்னாலும் சரி, உங்களுக்கு ஓடிபியோ இணைப்போ வரக் கூடாது. வேறு ஆளுக்கு எண்ணை வைத்தே பணம் அனுப்பும் வசதி அந்த வாலட்டில் இருந்தால் இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு. அதே வாலட் வைத்திருக்கும் நண்பரை உங்கள் எண்ணுக்கு 1 மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முடியவில்லை என்றால் நிம்மதி. நேராகப் போய் ஏறிவிட்டால் கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. அந்த 1-ஐ ஆதாரமாகக் காட்டி நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.