"இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அனுப்புவதற்கு முன்

மாமியார், நாத்தனார், அண்ணன் தம்பி என்று சொந்தபந்தத்தில் வந்த மனத்தாங்கலைப் பேச ஆலோசனைக்கு வருபவர்கள் நிறைய. சிநேகிதத்தில் வந்த மனத்தாங்கலுக்காக என்று யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, வேலையில் நெருக்கடி என்று வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அது எட்டிப்பார்க்கும். "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்" என்று அவர்களே அதைத் தள்ளியும் விடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒன்றைத்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் சேலத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். கல்லூரியிலிருந்து தொடரும் ஒரு தோழி உண்டு. தோழிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை, செய்த உருப்படிக்குத்தான் கூலி. காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் இருவரும் ஏற்காடு போவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைப்பாதையில் வண்டி நகராது, அதனால் புதன்கிழமை.

திங்கள் மாலையே நாத்தனார் போனில், "புதன்கிழமை வந்தாலும் வருவோம்" என்று சொல்லிவிட்டார். வராமல் போகலாம் என்ற நம்பிக்கையில் டீச்சர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. செவ்வாய் இரவு வருகை உறுதியானது. அப்போதும், இந்நேரத்தில் எழுப்ப வேண்டாம் என்று படுத்துவிட்டார். புதன் காலை ஆறு மணிக்கு முன்பு ஒரு செய்தி போனது: "சாரிடி, வீட்டுக்கு கெஸ்ட் வர்றாங்க. இன்னிக்கு முடியாது. நீ புரிஞ்சுப்பனு தெரியும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்." கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

தோழி அதைப் பார்த்தபோது புளிசாதம் கட்டி முடித்து, பையனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏற நின்றுகொண்டிருந்தாள். விட்டுப்போகும் ஒரு நாள் கூலியை ஈடுகட்ட முந்தின இரவு நெடுநேரம் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறாள். "பரவால்ல டி" என்று பதில் போட்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் சத்தமே இல்லை. "பரவால்லன்னு அவளே சொன்னாளே?" என்பதுதான் டீச்சரின் குழப்பம்.

பரவாயில்லை என்பது பெரும்பாலும் பேச்சை நாகரிகமாக முடித்துக்கொள்ளும் வழி. மனசு ஆறியிருக்கிறதா என்பது அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில் தெரியும். "யாரு வர்றா? சமைக்கணுமா?" என்று ஒரு கேள்வி வந்தால் நல்லது. "போடி, லீவு போட்டுட்டு நிக்கறேன்" என்று திட்டு வந்தால் அதைவிட நல்லது. சுருக்கமான, மரியாதையான பதிலோடு நின்றுபோவதும், அடுத்தமுறை "நீ சொல்லு, நான் வர்றேன்" என்று எல்லாவற்றையும் நம் பக்கமே தள்ளிவிடுவதும்தான் கவனிக்க வேண்டிய இடம்.

இங்கே நாள் மாறியது சின்ன விஷயம். விருந்தாளி வந்தால் வீட்டில் இருக்கத்தான் வேண்டும் என்பது தோழிக்கும் தெரியும். பேசப்பேச வலித்த இடம் ஒன்றாக இல்லை என்று தெரிந்தது.

முதலாவது, திங்கள் மாலைக்கும் புதன் காலைக்கும் நடுவில் இருந்த நேரம். நமக்குச் சந்தேகம் வந்த பிறகும் எதிராளி நம்பிக்கையோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் கணக்கில்தான் ஏறுகிறது. நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பதைப் பலர் நாகரிகம் என்று நினைக்கிறார்கள். நாகரிகத்தைவிட அதில் நம் சங்கடத்தைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம். திங்கள் மாலையே, "நாத்தனார் வரலாம்னு சொல்றாங்க, பாதிக்குப் பாதிதான். நீ பட்டறையில எப்ப சொல்லணும்? அதுக்கு முன்னாடி நான் கேட்டு முடிவு சொல்லிடறேன்" என்று பேசியிருந்தால் போதும். இதில் முக்கியமானது அந்தக் கேள்வி. நமக்கு எது கடைசி நேரம் என்பதை விட்டுவிட்டு, அவளுக்கு எது கடைசி நேரம் என்று அது கேட்கிறது. கூலிக்கு வேலை செய்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் அந்த நேரம் நாம் நினைப்பதைவிட வெகு முன்னால் இருக்கும்.

இரண்டாவது, "நீ புரிஞ்சுப்ப" என்ற சொல். டீச்சர் அதை அன்பாகத்தான் எழுதினார். ஆனால் படித்தவளுக்கு, கோபப்படும் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது போலாகிவிட்டது. நாத்தனாரிடம் "வியாழன் வாங்களேன்" என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை, தோழியிடம் துணிச்சல் தேவைப்படவில்லை. நாம் எப்போதும் யார் பொறுத்துக்கொள்வாரோ அவரைத்தான் நகர்த்துகிறோம். நகர்த்தப்பட்டவருக்கும் அந்த வரிசையில் தன் இடம் எது என்று தெரிந்துவிடுகிறது. நான் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம் பிறப்பது இங்கேதான். கேட்டுப் பார்த்தும் நாத்தனார் மறுத்திருந்தால் அது வேறு கதை. "வியாழக்கிழமை வரச் சொல்லிக் கேட்டேன், அவங்களுக்குத் தோதுப்படல" என்ற ஒரு வரி, தோழிக்காகவும் ஒரு முயற்சி நடந்தது என்று காட்டியிருக்கும். அந்த வரியைப் பொய்யாக எழுத வேண்டாம். போனை எடுத்து உண்மையிலேயே கேட்டுவிட்டு எழுதலாம்.

2021இல் வந்த ஓர் ஆய்வு இதோடு ஒட்டி வருகிறது. அழைப்பை மறுக்கும்போது "நேரமில்லை" என்று சொன்னவர்களைவிட "பணமில்லை" என்று சொன்னவர்களிடம் மற்றவர்களுக்கு நெருக்கமும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. பணம் நம் கையில் இல்லாத விஷயம், நேரத்தை மட்டும் நாமே பங்கு வைக்கிறோம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வதுதான் காரணம். மழையில் மண் சரிந்து மலைப்பாதையை அடைத்து, வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்ட நாளில் யாரும் சிநேகிதியோடு சண்டை போடுவதில்லை. "பிஸி" என்ற சொல்லுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனவே பொதுவாக "வேலை வந்துடுச்சு" என்பதைவிட என்ன வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். ஒரு வரிதான். நாலு பத்திக்குக் காரணம் நீண்டால் ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும்.

மன்னிப்புக் கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. ராய் லெவிக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் மன்னிப்பின் ஆறு கூறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிழை என்னுடையது என்று ஏற்பது அதிகம் எடுபட்டது. சரிசெய்து தருகிறேன் என்பது அடுத்தபடி. "மன்னித்துவிடு" என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் குறைவாக எடுபட்டது. அவர்கள் சோதித்தது வேலை தொடர்பான கற்பனைச் சூழலை, எனவே சிநேகிதத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் என்னிடம் வருபவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. கைகூப்பும் படம் எதிராளியிடம் ஒரு பதிலைக் கேட்கிறது. "திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லல" என்பது எதையும் கேட்பதில்லை.

மூன்றாவது, "இன்னொரு நாள்". இந்தச் சொல்லோடு திட்டத்தை மறுபடி எழுப்பி நிறுத்தும் பொறுப்பு ஆளில்லாமல் கிடக்கிறது. கலைத்தவர் எடுக்கவில்லை. கலைக்கப்பட்டவர் எடுத்தால் தானே கெஞ்சுவது போலிருக்கும். இரண்டு மாதச் சத்தமின்மைக்குப் பாதிக் காரணம் இதுதான். யார் தள்ளிவைத்தாரோ அவரே அடுத்த நாளைக் குறிக்க வேண்டும். தனக்குத் தோதான நாளைச் சொல்லாமல், எதிராளிக்கு நஷ்டமில்லாத நாளைக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

புதன் காலை வரை விட்டாயிற்று, இனி என்ன செய்வது என்றால், அந்நேரத்தில் செய்தி அனுப்பாமல் கூப்பிட்டிருக்க வேண்டும். கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டால் போன்தான். அவள் எடுத்ததும், "எங்க இருக்க, கிளம்பிட்டியா?" என்பது முதல் கேள்வி. பஸ் ஸ்டாண்டில் நிற்பவளுக்கும் இன்னும் குளிக்காதவளுக்கும் நாம் கொடுக்கும் நஷ்டம் ஒன்றல்ல. பிறகு விஷயம், பிறகு அவளுக்கு ஆனது: "நீ கூலியை விட்டுட்டு, பையனை விட்டுட்டு நிக்கற. திங்கக்கிழமையே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, சொல்லாம விட்டது நான்." பிறகு சின்னதாக, இந்த வாரத்துக்குள்ளேயே ஒன்று: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பட்டறை விடற நேரத்துக்கு நான் அங்க வர்றேன், தட்டுவடை செட் சாப்பிட்டுட்டே ஏற்காட்டுக்கு நாள் குறிச்சிடலாம்."

நான் இதை வலியுறுத்துவது காரணத்தோடுதான். பெரிய பயணத்துக்குப் பதில் பெரிய பயணத்தையே உடனே வாக்குக் கொடுத்தால் அது மறுபடி தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது முறை தள்ளிப்போனால் எந்தச் சொல்லும் உதவாது. அரை மணி நேரச் சந்திப்பு தவறாது. அதற்கு நாம் அவள் இருக்கும் பக்கம் போவதும் ஒரு செய்தி. போன கூலியைப் பணமாகத் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் ஊரில் சிநேகிதத்துக்குள் அது அடுத்த காயம். அடுத்த பயணத்தில் பஸ்ஸும் சாப்பாடும் உங்கள் செலவாக இருக்கட்டும், அதையும் அறிவிக்க வேண்டாம்.

டீச்சர் இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். திங்கள் மாலை விஷயத்தைச் சொன்னபோது, "எனக்கு அப்பவே தெரியும்டி, உன் நாத்தனார் செவ்வாய்க்கிழமை ஸ்டேட்டஸ் போட்டிருந்தாங்க. நீ சொல்றியானு பாத்தேன்" என்றிருக்கிறாள் தோழி. சேலம் மாதிரி ஊரில், எல்லோரும் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் பார்க்கும் காலத்தில், பொய்க்காரணத்துக்கு ஆயுசு குறைவு என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். அன்று கொஞ்சம் சண்டையும் நடந்திருக்கிறது. பட்டறை விடுமுறை நாள் ஒன்றைத் தோழியே சொன்னாள்.

சில நேரம் அடுத்த நாளைக் குறிக்கவே முடியாது. வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது. அப்போது நாளுக்குப் பதில், நாள் சொல்லும் நாளைச் சொல்லலாம்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் கூப்பிடறேன்." ஞாயிறன்றும் நிலவரம் தெளியாவிட்டாலும் கூப்பிட்டு, இன்னும் தெளியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். காரணத்தையே வெளியில் சொல்ல முடியாத நிலை என்றால், "இப்ப சொல்ல முடியாத ஒரு விஷயம், உன்னால இல்ல" என்பது போதும். வராத காய்ச்சலை வரவழைக்க வேண்டியதில்லை.

ஒரே ஆளைத்தான் திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கிறீர்கள், கிளம்பும் நேரம் நெருங்கும்போதெல்லாம் ஏதாவது காரணம் வந்தால் நிம்மதியாக இருக்கிறது என்றால், மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது. அந்தச் சந்திப்பில் எது உங்களுக்குப் பாரமாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெளியே போவதே பாரமாகி, எல்லோரிடமும் இப்படித்தான் நடக்கிறது என்றாலும், பல வாரமாகத் தொடர்கிறது என்றாலும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். பயணம் மட்டும்தான் பாரம் என்றால், நாள் மாற்றாமல் "இந்த ஏற்காடு வேண்டாம்டி, வீட்டுக்கு வா" என்று நேராகச் சொல்லிவிடலாம்.