இன்டர்ன்ஷிப்பின் கடைசி சில வாரங்கள்: எதைக் காட்டினால் வேலை கிடைக்கும்?

ஜூன் முதல் வாரம் இன்டர்ன்ஷிப் முடிகிறது என்றால், உங்களை எடுப்பதா என்ற பேச்சு பெரும்பாலும் மே மாத நடுவிலேயே நடந்துவிடும். கடைசி நாள் பிரசன்டேஷனுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் டீமை நடத்துவதால் அந்தக் கூட்டங்களில் நானும் உட்காருகிறேன். "நல்ல பொண்ணு, சீக்கிரம் கத்துக்கிறா" என்ற பேச்சு அங்கே எடுபடாது; எல்லா மேனேஜரும் தங்கள் இன்டர்னைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள். "வேலையைக் கொடுத்தேன், அப்புறம் நான் துரத்த வேண்டியிருக்கவில்லை" என்று சொல்ல உங்கள் மேனேஜருக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும்.

எங்களிடம் இருந்த ஒரு இன்டர்னின் வேலை, வங்கியிலிருந்து தினமும் வரும் பேமென்ட் ஃபைலை எங்கள் ஆர்டர்களோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியே காட்டும் ஒரு புரோகிராம். மே தொடக்கத்தில் அது அவருடைய லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. நிறைய பேர் இந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு டாஷ்போர்டு போடக் கிளம்புவார்கள். அவர் செய்தது வேறு. புரோகிராமை ஓட்டும் முறையை எழுதி, பக்கத்து டீம் அண்ணனிடம் கொடுத்து, "இதை மட்டும் பார்த்து ஓட்டுங்கண்ணா, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று அருகில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது படியிலேயே அண்ணன் நின்றுவிட்டார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்கிருந்து வரும் என்று எழுதவே இல்லை. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டியபோது, அண்ணன் தெரியாமல் ஒரே ஃபைலை இரண்டு தடவை போட்டார். எல்லாப் பேமென்ட்டும் இரட்டிப்பாகப் பதிவானது.

அன்று மாலையே அந்த இன்டர்ன் எனக்கு எழுதினார்: என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, எப்படிச் சரிசெய்யப் போகிறார், எப்போது முடியும். வங்கியின் பரிவர்த்தனை எண் ஏற்கெனவே இருந்தால் பதிவு செய்யாமல் விடுவது, அதற்கு ஒரு டெஸ்ட். அவ்வளவுதான் திருத்தம். ஆனால் யாரும் கேட்கும் முன்பே வந்த அந்த நாலு வரியைத்தான் நான் கூட்டத்தில் வாசித்தேன். குறையை மறைத்து டெமோவை ஒப்பேற்றியிருந்தால், மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு கண்டுபிடித்திருக்கும்.

டெமோவையும் அவர் எங்களை விட்டுவிட்டு, அந்த ரிப்போர்ட்டைத் தினமும் பார்க்கப்போகும் அக்கவுன்ட்ஸ்காரர்களிடம் காட்டினார். அவர்கள் கேட்ட இரண்டு மாற்றங்களில் ஒன்றை முடித்தார். நேரம் போதாத இன்னொன்றை, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்போடு டிக்கெட்டாகப் போட்டுவைத்தார்.

வாய்விட்டுக் கேட்பதும் உங்கள் வேலைதான். முடிவதற்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போதே மேனேஜரிடம் கேளுங்கள்: "இந்த டீம்லயே சேரணும்னு ஆசைப்படறேன். இடம் இருக்கா? முடிவு எப்போ எடுப்பீங்க? அதுக்குள்ள என்கிட்ட இன்னும் என்ன பார்க்கணும்?" மூன்றாவது கேள்விக்கு "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று மழுப்பினால், எந்த வேலையைத் தனியாக நம்பிக் கொடுப்பார் என்று திருப்பிக் கேளுங்கள்.

இடமே ஒதுக்கப்படவில்லை என்றால் உங்கள் உழைப்பு அதை உருவாக்காது. அது மேனேஜர் கையிலும் இல்லை. அப்படித் தெரிந்தால் அதே வாரம் வேறு டீமுக்குச் சிபாரிசு கேளுங்கள், கல்லூரி பிளேஸ்மென்ட் டிரைவ்களையும் விடாதீர்கள். வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி மற்ற இன்டர்வியூக்களை ரத்து செய்யாதீர்கள். ஆஃபர் லெட்டர் மெயிலில் வரட்டும்.