பங்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர்

ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பக்கத்துல போர் போட்டாங்க, எங்க கிணறு கரிக்குது. ஸ்டே வாங்க முடியுமா?"

அடையாளம் மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். அண்ணனும் தம்பியும் தென்னந்தோப்பைப் பிரித்துக்கொண்டார்கள். எல்லையிலிருந்த கிணறு ஆளுக்குப் பாதி, ஒருநாள்விட்டு ஒருநாள் முறை. பத்திரத்தில் அவ்வளவுதான். பிறகு தம்பி தன் நிலத்தில், கிணற்றிலிருந்து நாற்பதடி தள்ளி, போர் இறக்கினார். அடுத்த கோடையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது.

தம்பி அண்ணனைக் கிணற்றில் இறைக்கவிடாமல் தடுத்திருந்தால் வழக்கு எளிது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி இன்னொருவரை விலக்க முடியாது. ஆனால் அவர் கிணற்றைத் தொடவே இல்லை. அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நிலத்தடியில் திட்டமான வாய்க்காலாக ஓடாமல் ஊறி நிற்கும் தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை தருகிறது. இருபது வருடம் அனுபவித்தோம் என்று சொல்லியும் அந்த ஊற்றுக்கு உரிமை கேட்க முடியாது. 17-ஆம் பிரிவு அதை வெளிப்படையாகவே மறுக்கிறது. நூறு வருடக் கிணற்றுக்கும் இதுதான் நிலை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கைகொடுக்குமா என்று பார்த்தோம். 2011 அறிவிக்கைப்படி, கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள், அங்கே குடியிருக்கும் மக்களின் சொந்தத் தேவை தவிர, நிலத்தடி நீர் எடுக்கத் தடை. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு தண்ணீர் இல்லாதபோது, சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம். குடிக்கவும் விவசாயம், மீன்பிடிக்கும் மட்டும். மோட்டார் போருக்கு அங்கே இடமில்லை. இந்தத் தோப்பு 500 மீட்டரைத் தாண்டியிருந்தது.

கடைசியில் தம்பியை யோசிக்க வைத்தது மணல்தான். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே அரை மீட்டர் நின்றால், கீழே சுமார் இருபது மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதைக் கால் மீட்டராக இறக்கினால் உப்பு பத்து மீட்டர் வரை மேலேறிவிடும். மோட்டாருக்கு நேர் கீழே உப்பு இன்னும் சீக்கிரம் குவிந்து எழும். தம்பியின் போரிலும் மோட்டார் போட்டதும் நல்ல தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் கரிப்பு, நிறுத்தி வைத்தால் மறுபடி நல்ல தண்ணீர். கீழிருந்து உப்பு ஏறுவதற்கு இதுதான் அடையாளம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மணிக்கொருமுறை வைத்துக் குறித்தால் தெரிந்துவிடும்.

அந்தக் குறிப்பை வைத்தே சமாதானம் பேசினோம். போரின் அடிப்பகுதியை அடைத்து, சிறிய மோட்டார் மாற்றி, இடைவெளி விட்டு இறைக்க ஒப்புக்கொண்டார்கள். கிணற்றைச் சுற்றி இத்தனை அடிக்குள் இனி யாரும் போர் போடுவதில்லை என்று எழுதிப் பதிவும் செய்தார்கள். பதிவு இருப்பதால், நாளை நிலத்தை வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 40-ஆம் பிரிவில் அவரையும் தடுக்கலாம். பாகப்பிரிவினையின்போதே இந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள்.