கொட்டேஷன் அனுப்பும் முன் ஒரு ஷிஃப்ட் மாறுவதைப் போய்ப் பாருங்கள்

"54 சூப்பர்வைசர்களுக்கு கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் ட்ரெய்னிங் தேவை. ஒரு நாள் ப்ரோக்ராம், மூன்று பேட்ச். கொட்டேஷன் அனுப்பவும்."

எச்.ஆரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால், அரை மணி நேரத்தில் பதில் போய்விடுகிறது. நாளுக்கு 25,000 ரூபாய், மூன்று நாளுக்கு 75,000. கூடவே எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பும் அதே பி.டி.எஃப். பர்ச்சேஸ்காரர்கள் அதை நாளுக்கு 18,000 என்று இறக்குவார்கள். ட்ரெய்னிங் நடக்கும், கைதட்டுவார்கள், ஃபீட்பேக் ஃபார்மில் ஐந்துக்கு நாலரை வரும். பணம் மூன்று மாதம் கழித்து வரும். அடுத்த வருடம் வேறு ஒருவரைக் கூப்பிடுவார்கள். போன வாரமும் ஒரு இளம் பயிற்சியாளர் இதே கதையோடு வந்து, "நான் எங்கே சறுக்கினேன்?" என்று கேட்டார். வகுப்பறையில் அவர் எங்கேயும் சறுக்கவில்லை. அந்த மெயிலுக்குப் பதில் போட்ட விதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எச்.ஆர் கேட்டதுதான் தேவை என்று நம்முடைய தொழிலில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் எரிச்சல் தரும் நம்பிக்கை இதுதான். அந்தத் தலைப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வருடாந்திர அப்ரைசல் ஃபார்மில் "பயிற்சித் தேவை" என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசித் தேதியன்று மாலையில் உட்கார்ந்து முப்பது ஃபார்ம் நிரப்பும் மேனேஜர், அந்தக் கட்டத்தில் "கம்யூனிகேஷன்" என்றோ "டைம் மேனேஜ்மென்ட்" என்றோ எழுதுவார். எச்.ஆரில் இருக்கும் எக்ஸிகியூட்டிவ் எல்லாவற்றையும் எக்செல்லில் கூட்டுவார். அதிகம் பேருக்கு எழுதப்பட்ட சொல் ட்ரெய்னிங் காலண்டரில் ஏறும். அந்தக் காலண்டரை முடித்துக் காட்டுவது அவருடைய வேலை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "கம்யூனிகேஷன்" என்ற அந்தச் சொல், யாரோ ஒருவர் எதையோ நினைத்து எழுதியது. யார், எதை என்பது தெரியாமல் விலை போடுகிறோம்.

மேலே சொன்ன மெயில் போன்ற ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து எனக்கு வந்தது. விலை சொல்லவில்லை. தயாரிப்புப் பிரிவு மேலாளரோடு இருபது நிமிடம் பேச வேண்டும் என்று எச்.ஆர் மேடத்திடம் கேட்டேன். அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சார், இந்த சூப்பர்வைசர்கள் எதைச் செய்யாததால் உங்களுக்கு நஷ்டம்?" அவர் யோசிக்கவே இல்லை. "செகண்ட் ஷிஃப்ட் ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரம் ரிஜெக்‌ஷன் ஏறுது. ஒருத்தருக்கொருத்தர் எதையும் சொல்லிக்கிறதில்ல" என்றார். ஃபார்மில் "கம்யூனிகேஷன்" என்று எழுதியவர் அவர்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது லைனில் போய் நின்றேன். முதல் ஷிஃப்டில் சி.என்.சி மெஷினில் வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றி, அளவு சரியாக வர ஆஃப்செட் என்ற திருத்தத்தைக் கொடுத்திருப்பார்கள். அடுத்து வருகிறவருக்கு அது தெரியாது. அவர் ஒரு பீஸை அளந்து பார்த்து, தன் பங்குக்கு இன்னொரு திருத்தம் கொடுப்பார். ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்து, அடுத்த சில பீஸ் அளவு தப்பிவிடும். ஹேண்டோவர் புத்தகத்தில் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை பேர் லீவு என்பதற்குக் கட்டம் இருக்கிறது. டூல் மாற்றியதை எழுத இடமே இல்லை. ஷிஃப்ட் முடிகிற சூப்பர்வைசரைக் கேட்டேன். "ரெண்டு பத்துக்கு பஸ் எடுத்துடுவாங்க சார், அதுக்குள்ள பஞ்ச் பண்ணி கேட்டுக்குப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இப்போது பாருங்கள், ஒரே பிரச்சினைக்குள் மூன்று இருக்கின்றன. புத்தகத்தில் கட்டம் இல்லை. பேச நேரம் இல்லை. இந்த இரண்டையும் எந்தப் பயிற்சியும் தீர்க்காது, கம்பெனிதான் மாற்ற வேண்டும். மூன்றாவது, ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. இது மட்டும்தான் நம் வேலை. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மேனேஜர் பக்கத்தில் வந்து நிற்கும்போது கவனியுங்கள். அப்போது சரியாகச் செய்கிறவருக்கு அது தெரியும், அவருக்குத் தடை வேறு. அப்போதும் தடுமாறுகிறவருக்குத்தான் பயிற்சி வேண்டும். அங்கே பழைய ஆட்கள் முதல் வகை, ஆபரேட்டராக இருந்து புதிதாக உயர்ந்தவர்கள் இரண்டாம் வகை. ஆனாலும் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே முறையைப் பிடித்தால்தான் வேலை நடக்கும் என்பதால், 54 பேரையும் சேர்த்தே திட்டமிட்டேன்.

"கட்டமும் நேரமும் மாறாவிட்டால் பயிற்சி பலன் தராது" என்று ப்ரபோசலின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. என் அனுபவத்தில், அந்த வரியைப் படித்த பிறகுதான் தயாரிப்பு மேலாளர் நம் பக்கம் வந்து உட்காருகிறார். பட்ஜெட் கூட்டத்தில் எச்.ஆருக்காகப் பேசுவதும் அவர்தான்.

தேவை ஆய்வுக்கு யாரும் காசு தர மாட்டார்கள் என்பார்கள். முதல் சந்திப்பும் ஒரு மணி நேரப் பேச்சும் இலவசம், சரி. லைனில் போய் நிற்பதும், ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரைப் பார்த்து அறிக்கை எழுதுவதும் வேலை. அதைத் தனி ஆர்டராகக் கேளுங்கள். தொகை சிறியது என்பதால் பல இடங்களில் எச்.ஆர் மேலாளர் தானே கையெழுத்துப் போட்டுவிட முடியும். முடியாது என்றால், எதையெல்லாம் பார்க்காமல் அனுமானித்தோம் என்பதை ப்ரபோசலில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இனி விலை. நாள் கட்டணத்தைப் பக்கத்து ஆளைக் கேட்டு வைக்காதீர்கள். உதாரணத்துக்கு, உங்கள் குடும்பத்துக்கு வருடம் 18 லட்சம் வேண்டும், தொழில் செலவு 6 லட்சம் என்று வைப்போம். விற்பது, பயணம், பில் போடுவது, பண்டிகைகள், மாதக் கடைசியில் ஆளை விடாத தொழிற்சாலைகள் எல்லாம் போக, காசாகும் நாள் 120 இருந்தாலே நல்ல வருடம். 24 லட்சத்தை 120ஆல் வகுத்தால் நாளுக்கு 20,000. இது வகுப்பெடுக்கும் நாளின் விலை மட்டும் இல்லை, நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு நாளின் விலை.

அந்தத் தொழிற்சாலைக் கணக்கு இப்படி. ஆய்வு இரண்டு நாள், அது தனி ஆர்டர், 40,000. அப்புறம் அவர்களுடைய உண்மையான ஹேண்டோவர் சம்பவங்களை வைத்துப் பாடம் தயாரிக்க நாலு நாள். பதினெட்டுப் பேர் வீதம் மூன்று பேட்சுக்கு மூன்று நாள். ஆறு வாரம் கழித்து லைனில் நின்று பார்க்க இரண்டு நாள், அறிக்கைக்கு ஒரு நாள். மொத்தம் பத்து நாள், 2,00,000. கையேடு அச்சிட ஆளுக்கு 300 வீதம் 16,200. ஆக 2,16,200, தலைக்குச் சுமார் 4,000. ஆய்வையும் சேர்த்தால் இது பன்னிரண்டு நாள் வேலை. இதே வேலையை "மூன்று நாள், 75,000" என்று எடுத்தவர் நாளுக்கு 6,250க்கு உழைத்திருப்பார். பேரத்துக்குப் பிறகு 4,500.

விலைப் பக்கத்தில் நாள் கட்டணத்தை எழுதாதீர்கள். தயாரிப்பு, பயிற்சி, பின்தொடர்தல், அறிக்கை என்று கிடைக்கப்போவதற்கு நேராகத் தொகை போடுங்கள். பர்ச்சேஸ் மூன்று கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். நாள் கட்டணம் கண்ணில் பட்டால் அதை மட்டும்தான் ஒப்பிடும்.

"எங்க பட்ஜெட் 1,80,000தான்" என்று எச்.ஆர் சொன்னால் ரேட்டில் கை வைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். கையேட்டை அவர்களே அச்சிட்டுக்கொள்ளட்டும், 16,200 குறையும். முதல் இரண்டு பேட்சைக் கூடவே இருந்து பார்க்கும் அவர்களுடைய சொந்தப் பயிற்சியாளர் மூன்றாவதை எடுக்கட்டும், 20,000 குறையும். கணக்கு சரியாக 1,80,000. பேட்சைக் குறைத்ததால் பாடம் தயாரிக்கும் நாலு நாள் குறையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். மூன்றில் ஒரு பேட்ச் போனால் மூன்றில் ஒரு பங்கு விலை போகும் என்றே அவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

எல்லோரும் முதலில் வெட்டுவது பின்தொடர்தலைத்தான். தயவுசெய்து அதை விட்டுக்கொடுக்காதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. ஃபீட்பேக் ஃபார்ம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 9001:2015-ன் 7.2 பிரிவோ, திறன் வளர்க்க எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மதிப்பிடச் சொல்கிறது. ஃபீட்பேக் ஃபார்ம் மட்டும் இருந்தால், ஆடிட்டர் கேட்கும்போது எச்.ஆர் கையில் காட்ட எதுவும் இருக்காது. ஆறு வாரத்துக்குப் பிறகு எத்தனை ஹேண்டோவர் முறைப்படி நடக்கிறது, முதல் மணி நேர ரிஜெக்‌ஷன் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற உங்கள் அறிக்கை அந்த இடத்தை நிரப்பும். முன்பு எவ்வளவு என்பதை ஆய்வின்போதே குறித்திருக்க வேண்டும், பிறகு தேடினால் கிடைக்காது. ஆனால் ரிஜெக்‌ஷன் இத்தனை சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மெட்டீரியல் லாட் மாறினாலும் அது ஏறும். நடத்தைக்குப் பொறுப்பேற்கலாம், விளைவை அளந்து காட்டலாம்.

வரியைப் பற்றி, தடுக்கி விழுகிறவர்களுக்காக. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் 18 சதவீதத்தைத் தனியாகக் காட்டுங்கள். 2,16,200க்கு அது 38,916. பெரும்பாலான உற்பத்திக் கம்பெனிகள் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்காகப் பேரம் பேச இடம் கொடுக்க வேண்டாம். டி.டி.எஸ். 10 சதவீதம் ஜி.எஸ்.டி. இல்லாத தொகைக்குப் பிடிப்பார்கள், 21,620. பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை, பணம் வராவிட்டாலும் நீங்கள் கட்ட வேண்டும். முன்பணத்துக்கும் அப்படித்தான். அதனால் வேலை முடியும் முன்னாலேயே முழு பில்லையும் போட்டுவிடாதீர்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவர்கள் இந்த வாரமே எடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் உங்கள் பணத்தைத் தர கம்பெனிக்கு 45 நாளுக்கு மேல் தவணை இல்லை. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் அந்தச் செலவைக் கம்பெனி அந்த வருட வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாமல் போகலாம். பதிவு எண்ணை பில்லிலும் ப்ரபோசலிலும் அச்சிடுங்கள். அக்கவுண்ட்ஸ்காரர்கள் அதைப் பார்ப்பார்கள்.

பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ. கைக்கு வராமல் தேதி கொடுக்காதீர்கள். உற்பத்தி நெருக்கடி என்று காலை ஏழு மணிக்கு பேட்ச் ரத்தாகும். பேட்ச் தேதிக்கு முந்தைய மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்தால் அந்த நாளுக்கான முழுத் தொகையும் உண்டு என்ற வரி பி.ஓ.விலேயே இருக்கட்டும். மெயிலில் மட்டும் இருந்தால் அக்கவுண்ட்ஸ் அதை ஏற்காது.